கிளாக்கில் கை வைக்காத கவுன்ட்டர்

ஏழுக்கு அடுத்தது எட்டு. நமக்கு இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனால் இரும எண்களில் எண்ணும் ஒரு மின்சுற்றுக்கு இதுதான் சிரமமான இடம். ஏழு என்பது 0111, எட்டு என்பது 1000. நான்கு இலக்கங்களில் ஒன்றுகூட பழையபடி இருப்பதில்லை. மூன்று ஒன்றுகள் பூஜ்யமாக வேண்டும், ஒரு பூஜ்யம் ஒன்றாக வேண்டும், அதுவும் நான்கும் சேர்ந்து, ஒரே நேரத்தில்.

பழைய வகை கவுன்ட்டர்களில் அப்படி நடப்பதில்லை. 7493 என்ற சிப்பை எடுத்துக்கொள்வோம். அதற்குள் நான்கு ஃப்ளிப்-ஃப்ளாப்கள் இருக்கின்றன. ஃப்ளிப்-ஃப்ளாப் என்பது ஒரே ஒரு பிட்டை, அதாவது ஒரு பூஜ்யத்தையோ ஒன்றையோ, நினைவில் வைத்திருக்கும் சின்னச் சுற்று. 7493-ல் முதல் ஃப்ளிப்-ஃப்ளாப் மாறினால் அந்த மாற்றம் இரண்டாவதைத் தட்டிவிடும், இரண்டாவது மூன்றாவதைத் தட்டிவிடும். காரின் கிலோமீட்டர் மீட்டரில் ஒரு சக்கரம் சுற்றி முடித்து அடுத்த சக்கரத்தைத் தள்ளுகிறதே, அதே ஏற்பாடுதான். ஒவ்வொரு தட்டலுக்கும் பத்து, இருபது நானோநொடி ஆகும். அதனால் ஏழிலிருந்து எட்டுக்குப் போகும் வழியில் அந்தச் சுற்று 0110, 0100, 0000 என்று மூன்று இடைப்பட்ட நிலைகளைக் காட்டும். எண்களாகச் சொன்னால் ஏழு, ஆறு, நான்கு, பூஜ்யம், எட்டு. கண்ணுக்கு இது தெரியாது. ஆனால் ‘பூஜ்யம் வந்ததும் மோட்டாரை நிறுத்து’ என்று பக்கத்தில் இன்னொரு சுற்று காத்திருந்தால், அதற்கு அந்தப் பொய்யான பூஜ்யம் நன்றாகவே தெரியும்.

இதற்குத் தீர்வாக வந்ததுதான் சிங்க்ரோனஸ் கவுன்ட்டர். இதில் நான்கு ஃப்ளிப்-ஃப்ளாப்களுக்கும் ஒரே கிளாக் கம்பி போகும். கிளாக் என்பது சீராக 0, 1, 0, 1 என்று ஏறி இறங்கும் ஒரு மின்துடிப்பு. அது 0-இலிருந்து 1-க்கு ஏறும் அந்தக் கணத்தில்தான் நான்கு பிட்டுகளும் மாறும், மற்ற நேரத்தில் அசையாது. அடுத்த எண் என்ன என்பதை ஏற்றம் வருவதற்கு முன்பே சுற்று கணக்குப் போட்டு வைத்திருக்கும். கணக்கும் எளிது: கடைசி பிட் ஒவ்வொரு முறையும் மாறும், மற்ற ஒவ்வொரு பிட்டும் தனக்கு வலப்புறம் உள்ள எல்லா பிட்டுகளும் ஒன்றாக இருந்தால் மட்டும் மாறும். 0111-ல் இடது ஓரத்து பிட்டுக்கு வலப்புறம் மூன்றும் ஒன்று, ஆகவே அதுவும் மாறத் தயாராக இருக்கிறது. ஏற்றம் வருகிறது, நான்கும் சேர்ந்து மாறுகின்றன.

இந்தக் கவுன்ட்டரை இன்று யாரும் தனித்தனி சிப்புகளைப் பலகையில் பொருத்திச் செய்வதில்லை. எழுதுகிறார்கள். அதற்கான மொழிகளில் ஒன்று வெரிலாக். 1980-களின் நடுவில் அமெரிக்காவின் கேட்வே டிசைன் ஆட்டோமேஷன் நிறுவனத்தில் ஃபில் மூர்பியும் பிரபு கோயலும் உருவாக்கிய இந்த மொழி, 1995-ல் ஐஇஇஇ 1364 என்ற எண்ணில் பொதுத் தரமானது. பார்க்க சி மொழி போல இருக்கும். அதில்தான் முதல் தடுமாற்றமும் வருகிறது. சி நிரல் என்பது ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டிய வேலைகளின் வரிசை. வெரிலாக்கில் நாம் எழுதுவது ஒரு சுற்றின் வர்ணனை. அந்த வர்ணனையைப் படித்து, சிந்தசிஸ் என்ற மென்பொருள் உண்மையான ஃப்ளிப்-ஃப்ளாப்களையும் கேட்டுகளையும் தேர்ந்தெடுத்து இணைக்கிறது. எழுதிய எல்லாமே ஒரே நேரத்தில் இயங்கிக்கொண்டிருக்கும்.

நமக்கு வேண்டிய கவுன்ட்டர் நான்கு பிட் கொண்டது. பூஜ்யத்திலிருந்து பதினைந்து வரை எண்ணும். ரீசெட் கொடுத்தால் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். எனேபிள் இருந்தால் மட்டும் எண்ண வேண்டும், இல்லையென்றால் இருக்கும் எண்ணிலேயே நிற்க வேண்டும். முழு மாட்யூலும் இவ்வளவுதான்:

```verilog
module counter4 (
    input  wire       clk,
    input  wire       rst,
    input  wire       en,
    output reg  [3:0] q
);
    always @(posedge clk) begin
        if (rst)
            q <= 4'd0;
        else if (en)
            q <= q + 4'd1;
    end
endmodule
```

மேல்பாதி, வெளியுலகத்தோடு தொடர்புள்ள கம்பிகளின் பட்டியல். மூன்று உள்ளே வருகின்றன, `q` என்ற நான்கு கம்பிக் கட்டு வெளியே போகிறது. `[3:0]` என்றால் 3, 2, 1, 0 என்று எண்ணிட்ட நான்கு பிட்டுகள். உயிர் இருப்பது கீழ்ப்பாதியில்.

`always @(posedge clk)` என்ற வரி, ‘கிளாக் ஏறும் ஒவ்வொரு முறையும்’ என்று சொல்கிறது. சிங்க்ரோனஸ் என்ற சொல்லின் முழுப் பொருளும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது. அடைப்புக்குறிக்குள் கிளாக்கைத் தவிர வேறு எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். ரீசெட்டோ எனேபிளோ மாறியதும் உடனே எதுவும் நடக்காது. அவை என்னவாக இருக்கின்றன என்று கிளாக் ஏறும் கணத்தில் மட்டும் பார்க்கப்படும்.

அப்போது முதலில் கேட்கப்படும் கேள்வி: ரீசெட் இருக்கிறதா? இருந்தால் பூஜ்யம், அத்தோடு முடிந்தது. இல்லையென்றால்தான் எனேபிளைப் பற்றிய கேள்வி. இரண்டும் ஒன்றாக இருக்கும்போது ரீசெட்டே வெல்லும். அந்த முன்னுரிமையை நாம் தனியாக எங்கும் சொல்லவில்லை. `if`, `else if` என்று எழுதிய வரிசையே அதைச் சொல்லிவிடுகிறது. வரிசையை மாற்றி எனேபிளை முதலில் எழுதியிருந்தால், எண்ணிக்கொண்டிருக்கும் கவுன்ட்டரை ரீசெட் செய்யவே முடியாது.

இரண்டும் இல்லாவிட்டால்? அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. முதல்முறை படிப்பவர்களுக்கு இங்கே கை துறுதுறுக்கும். கடைசியில் `else q <= q;` என்று சேர்த்துவிடலாமே என்று தோன்றும். சேர்த்தால் தவறில்லை, ஆனால் தேவையும் இல்லை. கிளாக்கை வைத்து எழுதிய பகுதியில் ஒரு மதிப்பைப் பற்றி எதுவும் சொல்லாவிட்டால், அது பழைய மதிப்பிலேயே இருக்கும். நினைவில் வைத்திருப்பதுதானே ஃப்ளிப்-ஃப்ளாப்பின் வேலை.

பதினைந்தோடு ஒன்றைக் கூட்டினால் பதினாறு. இரும எண்ணில் அது 10000, ஐந்து இலக்கம். `q`-வில் இடம் நான்குக்குத்தான். இடது ஓரத்து ஒன்று வெட்டுப்பட்டு 0000 மட்டும் மிஞ்சும். பதினைந்துக்குப் பிறகு பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தனியாக எழுதாததற்கு இதுதான் காரணம்.

`<=` என்ற குறியைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெரிலாக்கில் வெறும் `=` என்றும் எழுதலாம். நம் மாட்யூலைத் தனியாக ஓட்டிப் பார்த்தால் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. அதனால்தான் இது ஆபத்தான பழக்கமாக ஒட்டிக்கொள்கிறது. `<=` என்றால், வலப்பக்கத்தை இப்போதே கணக்கிடு, ஆனால் இந்த ஏற்றத்தில் பார்க்க வேண்டியவர்கள் எல்லாம் பழைய மதிப்பைப் பார்த்து முடித்த பிறகே புதியதை வை என்று பொருள். வேறொரு மாட்யூல் இதே ஏற்றத்தில் `q`-வைப் படித்து வைத்துக்கொள்கிறது என்று வையுங்கள். நாம் `=` என்று எழுதியிருந்தால், அதன் கையில் கிடைப்பது பழைய எண்ணா புதிய எண்ணா என்பது சிமுலேட்டர் எந்தப் பகுதியை முதலில் ஓட்டுகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு சிமுலேட்டரில் சரியாக வரும், இன்னொன்றில் ஒன்று தள்ளி வரும். கிளாக்குக்குக் கட்டுப்பட்ட எல்லா இடத்திலும் `<=` மட்டுமே என்பதைக் கைப்பழக்கமாகவே வைத்துக்கொள்ள வேண்டும்.

நாம் எழுதிய ரீசெட்டுக்கு ஒரு வரம்பு உண்டு. அது கிளாக்குக்காகக் காத்திருக்கும். இரண்டு ஏற்றங்களுக்கு நடுவில் வந்து போய்விடும் குட்டி ரீசெட்டை அது பார்க்கவே பார்க்காது. கிளாக் நின்றுபோயிருந்தால் ரீசெட்டும் நடக்காது. உடனடி ரீசெட்தான் வேண்டும் என்றால் `always @(posedge clk or posedge rst)` என்று எழுதுவார்கள். பழைய சிப்புகளிலும் இதே இரண்டு வகை இருந்தன. 74161, 74163 இரண்டுமே நான்கு பிட் சிங்க்ரோனஸ் கவுன்ட்டர்கள். முன்னதில் ரீசெட் கொடுத்த உடனே நடக்கும், பின்னதில் கிளாக்கோடு நடக்கும். நம் மாட்யூல் 74163-இன் வழி வந்தது. அந்த வழியில் ஒரு வசதி இருக்கிறது. ஒன்பதோடு நிறுத்தி மறுபடி பூஜ்யத்துக்கு வர வேண்டும் என்றால், ஒன்பதைப் பார்த்ததும் ரீசெட்டைத் தூக்கிவிட்டால் போதும். ஒன்பது தன் முழு நேரமும் இருந்துவிட்டு அடுத்த ஏற்றத்தில் பூஜ்யமாகும். 74161-ல் பத்து வரும்வரை விட்டு, வந்ததும் அழிக்க வேண்டும். அப்போது பத்து ஒரு கணம் தலைகாட்டும். நான்கு பிட்டில் ஒன்று சற்று முந்தி அழிந்துவிட்டால் ரீசெட்டும் பாதியிலேயே விலகிவிடும்.

எழுதியது சரியா என்று பார்க்க இன்னொரு மாட்யூல் எழுத வேண்டும். அதற்கு டெஸ்ட்பெஞ்ச் என்று பெயர். இது சிப்புக்குள் போகாது. நம் கவுன்ட்டருக்குக் கிளாக்கும் உள்ளீடுகளும் கொடுத்து, என்ன வருகிறது என்று பார்ப்பது மட்டுமே இதன் வேலை.

```verilog
`timescale 1ns/1ns
module tb;
    reg clk = 0, rst = 1, en = 0;
    wire [3:0] q;

    counter4 dut (.clk(clk), .rst(rst), .en(en), .q(q));
    always #10 clk = ~clk;

    initial begin
        $monitor("%0t rst=%b en=%b q=%b",
                 $time, rst, en, q);
        #20 rst = 0; en = 1;
        #60 en = 0;
        #40 en = 1;
        #20 rst = 1;
        #20 $finish(0);
    end
endmodule
```

கிளாக் பத்து நானோநொடிக்கு ஒருமுறை புரளுகிறது. ஆகவே ஏற்றங்கள் 10, 30, 50, 70 என்று இருபது நானோநொடி இடைவெளியில் வரும். நொடிக்கு ஐந்து கோடி ஏற்றம், அதாவது 50 மெகாஹெர்ட்ஸ். உள்ளீடுகளை நான் 20, 80, 120, 140 என்ற நேரங்களில், கிளாக் இறங்கும்போது மாற்றியிருக்கிறேன். ஏற்றம் வரும் அதே கணத்தில் மாற்றினால், கவுன்ட்டர் பார்த்தது பழைய எனேபிளா புதிய எனேபிளா என்ற சந்தேகம் வந்துவிடும். ஐகாரஸ் வெரிலாக் என்ற இலவச சிமுலேட்டரில் இதை ஓட்ட இரண்டு கட்டளை போதும்:

```
iverilog -o sim counter4.v tb.v
vvp sim
```

திரையில் வருவது இது:

```
0 rst=1 en=0 q=xxxx
10 rst=1 en=0 q=0000
20 rst=0 en=1 q=0000
30 rst=0 en=1 q=0001
50 rst=0 en=1 q=0010
70 rst=0 en=1 q=0011
80 rst=0 en=0 q=0011
120 rst=0 en=1 q=0011
130 rst=0 en=1 q=0100
140 rst=1 en=1 q=0100
150 rst=1 en=1 q=0000
```

முதல் வரியில் `xxxx` என்று இருக்கிறது. மதிப்பு இன்னதென்று தெரியாது என்பதை சிமுலேட்டர் சொல்லும் முறை அது. ரீசெட் ஒன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் கிளாக் இன்னும் ஏறவில்லை. பத்தாவது நானோநொடியில் ஏறியதும் பூஜ்யமாகிறது. ரீசெட்டே கொடுக்காமல் ஓட்டியிருந்தால் இந்த `x` கடைசிவரை போயிருக்காது, ஏனென்றால் தெரியாத எண்ணோடு ஒன்றைக் கூட்டினாலும் தெரியாத எண்தான் வரும். ‘என் கவுன்ட்டர் எண்ணவே இல்லை’ என்று யாராவது சொன்னால் நான் முதலில் தேடுவது இந்த `x`-ஐத்தான்.

20-லிருந்து 80 வரை எண்ணுகிறது. 80-க்கும் 120-க்கும் நடுவில் வரியே இல்லை. `$monitor` ஏதாவது மாறினால்தான் அச்சிடும். 90-லும் 110-லும் இரண்டு ஏற்றங்கள் வந்து போயிருக்கின்றன. எனேபிள் பூஜ்யம் என்பதால் கவுன்ட்டர் அசையவில்லை. கடைசியில் 140-ல் ரீசெட், எனேபிள் இரண்டுமே ஒன்று. உடனே எதுவும் நடக்கவில்லை. 150-ல் ஏற்றம் வந்ததும் ஐந்தாகாமல் பூஜ்யமாகிறது. நாம் கேட்ட எல்லாமே இந்தப் பதினோரு வரிகளில் சோதிக்கப்பட்டுவிட்டன, பதினைந்திலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்புவதைத் தவிர. அதற்கு எனேபிளை இன்னும் கொஞ்ச நேரம் விட்டுவைத்தால் போதும்.

இனி இதை உண்மையான பலகைக்குக் கொண்டுபோவோம். எஃப்பிஜிஏ என்பது எந்தச் சுற்றாகவும் மாற்றிக்கொள்ளக்கூடிய சிப். பயிற்சிக்கு விற்கும் எஃப்பிஜிஏ பலகைகளில் 50 அல்லது 100 மெகாஹெர்ட்ஸ் கிளாக்கும் வரிசையாகச் சில எல்இடிகளும் இருக்கும். `q`-வின் நான்கு பிட்டுகளையும் நான்கு எல்இடிக்குக் கொடுத்து, எனேபிளை நிரந்தரமாக ஒன்றில் வைத்தால் என்ன தெரியும்? நான்கும் சற்று மங்கலாக, அசையாமல் எரிந்துகொண்டிருக்கும். கவுன்ட்டர் சரியாகத்தான் எண்ணுகிறது. 50 மெகாஹெர்ட்ஸில் பூஜ்யம் முதல் பதினைந்து வரையிலான முழுச் சுற்றும் 320 நானோநொடியில் முடிந்துவிடுகிறது. ஒவ்வொரு எல்இடியும் பாதி நேரம் எரிகிறது, பாதி நேரம் அணைகிறது. நம் கண் அதை அரை வெளிச்சமாகப் பார்க்கிறது.

நொடிக்கு ஒன்று எண்ண வைக்க வேண்டும். இங்கேதான் எனேபிள் தன் வேலையைக் காட்டுகிறது. ஐந்து கோடி ஏற்றங்களை எண்ணும் இன்னொரு பெரிய கவுன்ட்டரை வைத்து, அது முடியும் ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கிளாக் நேரத்துக்கு `tick` என்ற கம்பியை உயர்த்துகிறோம். அந்த `tick`-தான் நம் கவுன்ட்டரின் எனேபிள்.

```verilog
reg  [25:0] div;
wire tick = (div == 26'd49_999_999);

always @(posedge clk)
    if (rst || tick) div <= 26'd0;
    else             div <= div + 26'd1;

counter4 c0 (.clk(clk), .rst(rst),
             .en(tick), .q(led));
```

பூஜ்யத்திலிருந்து 4,99,99,999 வரை மொத்தம் ஐந்து கோடி எண்கள். ஐந்து கோடியையே எழுதிவிட்டால் ஒவ்வொரு நொடியும் 20 நானோநொடி நீளும். ஒரு நொடி பின்தங்க ஒன்றரை வருடத்துக்கு மேல் ஆகும். பலகையில் உள்ள கிளாக்கின் சொந்தப் பிழையே இதைவிடப் பல மடங்கு பெரிது என்பதால் இந்தத் தவறு பலகையில் தெரியாமலே போகலாம். உடனே தெரியும் தவறு `div`-இன் அகலத்தில் வருவது. 26 பிட்டுக்குப் பதில் 25 என்று எழுதினால் அது 3,35,54,431-க்கு மேல் போகாது. திரும்பி பூஜ்யத்துக்கு வந்துவிடும். அந்த ஒப்பீடு ஒருநாளும் உண்மையாகாது, `tick` ஒருமுறைகூட வராது, எல்இடிகள் அணைந்தே கிடக்கும். ரீசெட் விலகிய பிறகும் நான்கு எல்இடியும் அணைந்தே இருந்தால் அகலத்தைச் சரிபாருங்கள்.

எனேபிள் எதற்கு, வேண்டாத நேரத்தில் கிளாக்கையே தடுத்துவிடலாமே என்று நிறையப் பேருக்குத் தோன்றும். `wire gclk = clk & tick;` என்று எழுதி, அதைக் கவுன்ட்டருக்குக் கிளாக்காகக் கொடுப்பது. `tick` ஒன்றாக இருக்கும்போது மட்டும் கிளாக் உள்ளே போகும். நொடிக்கு ஒரு துடிப்புதானே? காகிதத்தில் கச்சிதமாகத் தெரிகிறது. என்ன நடக்கிறது என்று நானோநொடி கணக்கில் பார்ப்போம்.

கிளாக் ஏறுகிறது. அதனால் `div` கடைசி எண்ணை அடைகிறது, ஓரிரு நானோநொடி தாமதத்தில் `tick` ஒன்றாகிறது. கிளாக் இன்னும் மேலேயேதான் இருக்கிறது, இறங்க எட்டு நானோநொடி பாக்கி. இரண்டும் ஒன்று என்பதால் `gclk` அப்போதே ஏறுகிறது. கவுன்ட்டர் ஒன்று எண்ணுகிறது. பிறகு கிளாக் இறங்க, `gclk`-உம் இறங்குகிறது. அடுத்து கிளாக் மறுபடி ஏறுகிறது. இந்த ஏற்றத்தில்தான் `div` பூஜ்யமாக வேண்டும், ஆனால் அது ஆகி `tick` கீழே வர ஓரிரு நானோநொடி வேண்டும். அதற்குள் `gclk` இன்னொரு முறை ஏறி, உடனே விழுகிறது. கவுன்ட்டருக்கு இரண்டாவதாக ஒரு மெல்லிய துடிப்பு போய்ச் சேர்கிறது.

சிமுலேட்டரில் இது தெளிவாகத் தெரியும்: கவுன்ட்டர் 0, 2, 4, 6 என்று இரண்டிரண்டாகத் தாவும். கடைசி எல்இடி எரியவே எரியாது. பலகையில் இன்னும் மோசம். அந்த மெல்லிய துடிப்பு ஃப்ளிப்-ஃப்ளாப்பை அசைக்கப் போதுமா போதாதா என்பது வெப்பநிலையையும் கம்பியின் நீளத்தையும் பொறுத்தது. சில நொடி ஒன்று, சில நொடி இரண்டு, சில சமயம் நான்கு பிட்டுகளில் சில மட்டும் மாறி, அடுத்து வரவேண்டிய எண்ணே அல்லாத ஏதோ ஒன்று. தவிர, `tick` என்பது 26 பிட்டுகளை ஒப்பிட்டு வரும் விடை. அந்த 26 பிட்டுகள் மாறிக்கொண்டிருக்கும் ஓரிரு நானோநொடியில் ஒப்பீடு ஒரு கணம் தவறாகவும் மினுக்கலாம். அந்த மினுக்கல் கிளாக் கம்பியில் போனால் அது ஒரு துடிப்பு, கவுன்ட்டர் எண்ணிவிடும். அதே மினுக்கல் எனேபிள் கம்பியில் வந்தால் எந்தக் கெடுதலும் இல்லை. கவுன்ட்டர் எனேபிளைப் பார்ப்பது அடுத்த ஏற்றத்தில்தான், அதற்குள் எல்லாம் அடங்கிவிட்டிருக்கும். எனேபிள் என்ற கம்பியைத் தனியாக வைத்ததன் முழுப் பயனும் இதுதான். கிளாக் எல்லாருக்கும் தடையில்லாமல் போகட்டும். எண்ணுவதா வேண்டாமா என்ற முடிவு மட்டும் எனேபிளிடம் இருக்கட்டும்.

மின்சாரத்தை மிச்சப்படுத்த கிளாக்கைத் தடுக்கும் சிப்புகள் இருக்கின்றன. செல்போன் சிப்புகளில் அது சர்வ சாதாரணம். ஆனால் அங்கே வெறும் ஆண்ட் கேட்டை வைப்பதில்லை. கிளாக் மேலே இருக்கும் நேரத்தில் எனேபிள் மாறினாலும் அதை உள்ளே விடாமல் பிடித்துவைக்கும் தனி உறுப்பு ஒன்று அதற்காகவே இருக்கிறது. அதைப் பொருத்தும் வேலையைப் பெரும்பாலும் மென்பொருளே செய்கிறது. கையால் எழுதும் `&` அந்த வேலையைச் செய்யாது.

நான்கு பிட் போதாமல் எட்டு பிட் வேண்டும் என்றால் இதே மாட்யூலை இரண்டு முறை வைத்துக்கொள்ளலாம். கீழ்க் கவுன்ட்டர் பதினைந்து முடித்து பூஜ்யத்துக்குப் போகும்போது மேல் கவுன்ட்டர் ஒன்று கூட வேண்டும். `q[3]`-ஐ மேல் கவுன்ட்டரின் கிளாக்காகக் கொடுத்துவிடலாம் என்று கை போகும். போனால் நாம் தொடங்கிய இடமான 7493-க்கே திரும்பிவிடுவோம். இரண்டுக்கும் அதே கிளாக் போக வேண்டும். மேலதன் எனேபிளைத்தான் கீழிருந்து கொடுக்க வேண்டும். அதற்காக மாட்யூலில் `tc` என்று ஒரு வெளியீட்டைச் சேர்த்து, இந்த வரியை எழுதுகிறோம்:

```verilog
assign tc = en & (q == 4'd15);
```

இதில் `en &` எதற்கு, பதினைந்தா என்று பார்த்தால் போதாதா? நம் எல்இடி பலகையிலேயே பார்த்துவிடலாம். கீழ்க் கவுன்ட்டர் பதினைந்தை அடைந்ததும் அடுத்த `tick` வரும்வரை ஒரு முழு நொடி அங்கேயே நிற்கிறது. `en` இல்லாவிட்டால் அந்த நொடி முழுக்க `tc` ஒன்றாகவே இருக்கும். மேல் கவுன்ட்டருக்கு அதே 50 மெகாஹெர்ட்ஸ் கிளாக் போய்க்கொண்டிருக்கிறது. எனவே அந்த ஒரு நொடியில் அது ஒன்று கூடுவதற்குப் பதிலாக ஐந்து கோடி முறை கூடும்.

ஐந்து கோடி பதினாறால் மீதியில்லாமல் வகுபடும், 31,25,000 முறை. அதனால் மேல் கவுன்ட்டர் அத்தனை முறை முழுதாகச் சுற்றிவிட்டு, கிளம்பிய எண்ணிலேயே வந்து நிற்கும். பலகையைப் பார்ப்பவருக்குத் தெரிவது இதுதான்: பதினாறு நொடிக்கு ஒருமுறை மேல் நான்கு எல்இடியும் ஒரு நொடி அரை வெளிச்சத்தில் எரிகின்றன, பிறகு பழையபடி அணைந்துவிடுகின்றன. மேல் எண் பூஜ்யத்தைத் தாண்டுவதே இல்லை. ஒன்றுமே எண்ணாத கவுன்ட்டர் என்று தோன்றும். உண்மையில் அளவுக்கு மீறி எண்ணுகிற கவுன்ட்டர் அது. அந்த ஒரு நொடி மங்கல் ஒளிதான் துப்பு. `en &` சேர்த்ததும் `tc` ஒரே ஒரு கிளாக் நேரத்துக்கு மட்டும் உயரும், மேலது ஒன்று கூடும், இரண்டும் சேர்ந்து 255 வரை போய் 256-ஆவது நொடியில் பூஜ்யத்துக்குத் திரும்பும்.

இதை சிமுலேட்டரில் சோதிக்கும்போது ஐந்து கோடி ஏற்றங்களுக்குக் காத்திருக்க முடியாது. `49_999_999` என்ற எண்ணைச் சின்னதாக மாற்றிக்கொள்வார்கள். அதை 15 என்று மாற்றிவிடாதீர்கள். அப்போது பதினாறு ஏற்றத்துக்கு ஒரு `tick`, அந்தப் பதினாறும் மேல் கவுன்ட்டரை ஒரு முழுச் சுற்று சுற்றி அதே இடத்தில் விடும். `tick` வரும் நேரத்தில் மட்டும் எண்களைப் பார்ப்பவருக்கு மேலது அசையாதது போலவே இருக்கும். 4 என்று வையுங்கள். ஐந்து ஏற்றத்துக்கு ஒரு `tick` வரும், பிழை இருந்தால் மேல் கவுன்ட்டர் 0, 5, 10, 15, 4 என்று ஐந்தைந்தாகத் தாவும், பார்த்த மாத்திரத்தில் பிடிபட்டுவிடும்.